ஈபி தளத்தில் பதிவு, இணைப்பு எண், நினைவூட்டல்: சோமனூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோமனூரில் ஒரு சிறிய கணினி மையம் நடத்துகிறேன். ஜெராக்ஸ், பட்டா நகல், வேலைக்கு விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஆனாலும் ரீடிங் எடுத்த வாரத்தில் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஈபி பில்லோடுதான் வருகிறார்கள். வீட்டுக்கு ஓர் இணைப்பு, தறிக்கூடத்துக்கு ஓர் இணைப்பு, வாடகைக்கு விட்ட லைன் வீடுகளுக்கு மூன்று என்று ஒரே குடும்பத்துக்கு ஐந்தாறு எண் இருக்கும் ஊர் இது. குழப்பமும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எழுதி வைத்தேன்.

பதிவே பண்ணாம பில் கட்ட முடியுதுங்களே, அப்புறம் எதுக்குப் பதிவு?

முடியும். `www.tnebnet.org` தளத்தில் `Quick Pay` என்று ஒரு வழி இருக்கிறது. கணக்கு எதுவும் இல்லாமல் இணைப்பு எண்ணைக் கொடுத்து, தொகையைப் பார்த்து, கட்டிவிட்டுப் போய்விடலாம். செல்லில் இருக்கும் யூபிஐ செயலிகளிலும் அப்படியே. ஒரே வீடு, ஒரே இணைப்பு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மறக்காமல் கட்டிவிடுகிற பழக்கம், இவ்வளவுதான் என்றால் பதிவு செய்யாமலே காலம் தள்ளலாம். நானே சிலரிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு இணைப்புக்கு மேல் போனால் கதை வேறு. பதிவு செய்த கணக்கில் எல்லா எண்ணையும் ஒரு தடவை சேர்த்துவிட்டால், உள்ளே போனதும் எதில் பாக்கி நிற்கிறது என்று ஒரே இடத்தில் தெரியும். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு இலக்கம் தட்ட வேண்டியதில்லை. தட்டாத எண் தப்பாவதும் இல்லை. தறிக்கூடத்துக்குக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் பழைய ரசீது கேட்டாலும் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கலாம்.

என்னென்ன கொண்டு வரணும்?

மீட்டர் பெட்டியில் செருகி வைத்திருக்கும் வெள்ளை அட்டை, கடைசியாகக் கட்டிய ரசீது, செல்போன். அதற்கப்புறம் சொந்தமாக ஒரு மின்னஞ்சல். ரசீதைக் கேட்பதற்குக் காரணம், இணைப்பு எண் முழுதாக அச்சாகி இருப்பது அதில்தான். அட்டையில் கையெழுத்து மங்கிப்போயிருக்கும்.

மின்னஞ்சல் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் தொழில்காரர்கள்தான் இதைக் கெடுத்தோம். வருகிறவரிடம் மின்னஞ்சல் இல்லையென்றால் மையத்தின் மின்னஞ்சலையே போட்டு, கடவுச்சொல்லையும் நாங்களே வைத்துப் பதிவை முடித்து அனுப்பிவிடுவது உண்டு. அந்த நேரத்துக்கு வேலை முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து அவர் கடவுச்சொல்லை மறப்பார். புதுப்பிக்கும் செய்தி மையத்து மின்னஞ்சலுக்குப் போகும். மையம் அதற்குள் மூடியிருக்கும், அல்லது ஆள் மாறியிருப்பார். அந்தக் கணக்கு அதோடு போயிற்று. வேறு பயனர் பெயரில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் மின்னஞ்சலாவது போடுங்கள். பயனர் பெயரையும் மின்னஞ்சலையும் அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுதாதீர்கள், அட்டை தொங்குவது வீட்டுக்கு வெளியே.

கார்டுல 57ன்னுதானுங்க இருக்குது. போட்டா தப்புங்குது.

57 என்பது உங்கள் எண்ணின் வால் மட்டும். முழு எண்ணுக்கு நான்கு துண்டு உண்டு. முதல் இரண்டு இலக்கம் மண்டலம்: கோவை மண்டலத்துக்கு 03, ஈரோடு மண்டலத்துக்கு 04. அடுத்த மூன்று இலக்கம் பிரிவு அலுவலகம், அதாவது நீங்கள் மனு கொடுக்கப் போகிற ஈபி ஆபீஸ். அதற்கடுத்த மூன்று பகிர்மானம். ஊரை வரிசை வரிசையாகப் பிரித்து வைத்திருக்கும் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில்தான் உங்கள் இணைப்பின் எண். அது ஓர் இலக்கமாகவும் இருக்கலாம், நான்கு இலக்கமாகவும் இருக்கலாம். அதனால்தான் ஒருவருக்கு மொத்தம் 9 இலக்கம் வருகிறது, இன்னொருவருக்கு 12 வருகிறது. இரண்டுமே சரி.

ஓர் எடுத்துக்காட்டு. பிரிவு எண்ணை வேண்டுமென்றே 000 என்று போட்டிருக்கிறேன், யாருடைய உண்மையான இணைப்பும் இதில் வந்துவிடக் கூடாது என்பதற்காக:

```
03 000 012 57
```

இதை இடைவெளி இல்லாமல் `0300001257` என்று தட்ட வேண்டும். 012-ல் முன்னால் நிற்கும் பூஜ்யத்தை விடக் கூடாது. 57-க்கு முன்னால் நாமாகப் பூஜ்யம் சேர்க்கவும் கூடாது. வருகிற தப்புகளில் முக்கால்வாசி இந்த இரண்டுதான். தளத்தில் சில இடங்களில் மண்டலத்தைப் பட்டியலில் தேர்ந்தெடுத்துவிட்டு மீதியை மட்டும் தட்டச் சொல்லும். யூபிஐ செயலிகளில் 03-ஐயும் சேர்த்துத் தட்ட வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மண்டலத்தை மாவட்டத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். காங்கேயமும் தாராபுரமும் 2009 வரை ஈரோடு மாவட்டம், அப்புறம் திருப்பூர் மாவட்டம். திருப்பூர் என்று மண்டலப் பட்டியலில் தனியாக ஒன்றும் கிடையாது. ஈபிக்காரர்கள் போட்ட எல்லை வேறு, வருவாய்த் துறை போட்ட எல்லை வேறு. ரசீதில் முதல் இரண்டு இலக்கம் என்ன இருக்கிறதோ அதுதான்.

எண் ஏத்துக்கிச்சுங்க. ஆனா வேற யாரோ பேரு காட்டுது.

உடனே நிறுத்துங்கள். சேர்க்க வேண்டாம், கட்டவும் வேண்டாம்.

எண் தப்பாக இருந்தால் தளம் தடுத்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். இல்லாத எண்ணைத்தான் அது தடுக்கும். நீங்கள் தப்பாகத் தட்டிய எண் அடுத்த தெருவில் இன்னொருவருக்கு உண்மையிலேயே இருந்தால், தளத்தைப் பொறுத்தவரை அது சரியான எண். மேலே சொன்ன எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு `0300001257`, தறிக்கூடத்துக்கு `03000012157`. நடுவில் ஒரு 1 விட்டுப்போனால் தறிக்கூடத்துப் பில் கட்டுவதாக நினைத்துக்கொண்டு வீட்டுப் பில்லைத் திறப்பீர்கள். இது ஒரே குடும்பத்துக்குள் நடந்தால் பரவாயில்லை. 157-க்குப் பதில் 175 என்று தட்டினால் பணம் ஊர்க்காரர் ஒருவருக்குப் போய்விடும்.

எண்ணைப் போட்டதும் திரையில் வருகிற மூன்றைப் பாருங்கள். பெயர் முதலில். அப்புறம் முகவரி. மூன்றாவதாகத் தொகை. தொகையை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஒரே தாத்தா பெயரில் நான்கு இணைப்பு இருக்கும் வீடுகளில் பெயரும் முகவரியும் ஒன்றாகவே வரும். அங்கே தறிக்கூடமா வீடா என்று காட்டிக் கொடுப்பது தொகையும் மின்கட்டண வகையும்தான். வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், விசைத்தறிக்கு 2023-லிருந்து 1000 யூனிட் இலவசம், இரண்டும் இரண்டு மாதக் கணக்கு. பில் விவரத்தைத் திறந்தால் எந்த வகையில் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வேறொருவர் இணைப்புக்குக் கட்டிவிட்டீர்கள் என்றால், ரசீதை அச்சிட்டு உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். அந்த இணைப்புக்காரர் தெரிந்தவராக இருந்தால் அவரையும் கூட்டிப்போனால் வேலை சுலபமாகும். ஊருக்குள் பெரும்பாலும் அவரே காசைக் கையில் கொடுத்துவிட்டு விஷயத்தை முடித்துக்கொள்வார். எப்படியானாலும் உங்கள் பில் அப்படியே நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். மனு கொடுத்ததால் உங்கள் கடைசித் தேதி தள்ளிப்போகாது.

இணைப்பு அப்பாரு பேர்ல இருக்குதுங்க. அவர் இல்லை. நான் சேர்த்துக்கலாமா?

சேர்த்துக்கொள்ளலாம். பில் பார்ப்பதற்கும் கட்டுவதற்கும் பெயர் ஒத்துப்போக வேண்டியதில்லை. பெயர் மாற்றம் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். அதைச் செய்வது நல்லதுதான். ஆனால் அது முடியும் வரை பதிவைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆதார் அப்பவே இணைச்சாச்சே. மறுபடி எதை இணைக்கிறது?

2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை நடந்த ஆதார் இணைப்பைச் சொல்கிறீர்கள். முகாமுக்கு வரிசையில் நின்ற களைப்பு யாருக்கும் இன்னும் போகவில்லை. அது இணைப்பின் பேரேட்டில் ஆதார் எண்ணைச் சேர்த்த வேலை. அதனால் உங்களுக்குத் தளத்தில் கணக்கு எதுவும் உருவாகவில்லை.

மூன்றும் தனித்தனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் இணைப்பு ஒன்று. தளத்தில் நீங்கள் திறக்கும் கணக்கு இன்னொன்று, அதற்குள் எத்தனை இணைப்பு எண் வேண்டுமானாலும் சேர்க்கலாம். மூன்றாவது, ஒவ்வொரு இணைப்பின் பேரேட்டிலும் பதிந்திருக்கும் செல் எண். பில் வந்தது, கடைசித் தேதி இது என்கிற குறுஞ்செய்தி போவது இந்த மூன்றாவதற்கு. அடுத்த கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

பதிவு பண்ணி, எண்ணெல்லாம் சேர்த்தும் மெசேஜ் வரமாட்டேங்குதுங்க.

கணக்குத் திறக்கும்போது நீங்கள் கொடுத்த செல் எண் கணக்குக்கு. இணைப்பின் பேரேட்டில் வேறு எண் இருந்தால் செய்தி அந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். இணைப்பு வாங்கும்போது மனு எழுதிய எலெக்ட்ரீஷியனின் எண்ணாக அது இருக்கலாம். பத்து வருடத்துக்கு முன் நீங்களே விட்டுவிட்ட எண்ணாகவும் இருக்கலாம், இப்போது அதை வேறொருவர் வைத்திருப்பார்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெரியப்பாவின் தறிக்கூடத்து இணைப்பில், கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் எண் பதிந்திருந்தது. அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு பில் வரை யாருக்கும் தெரியவில்லை. முதல் பில்லைப் பெரியப்பா அட்டையைப் பார்த்தே கட்டிவிட்டார். இரண்டாவதன்போது கல்யாண வேலையில் அட்டையைப் பார்க்கவில்லை. மேஸ்திரிக்குச் செய்தி போயிருக்கிறது. பழைய முதலாளியின் பில் தனக்கு ஏன் வருகிறது என்று அவர் கண்டுகொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாவு ஏற்றி வைத்திருந்த எட்டுத் தறியும் காலையில் ஓடவில்லை. பணம் கட்டி, இணைப்பைத் திரும்ப வாங்கி, தறி ஓட மாலையாகிவிட்டது. அன்றைக்குக் கொடுக்க வேண்டிய துணி மறுநாளைக்குப் போனது. தளத்தில் பெரியப்பாவுக்குக் கணக்கு இருந்தது, எண்ணும் சேர்த்திருந்தோம். நான்தான் செய்து கொடுத்தேன். பேரேட்டில் எந்தச் செல் எண் இருக்கிறது என்று பார்க்க எனக்கே தோன்றவில்லை.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி, கடந்த மூன்று பில்லுக்கும் உங்கள் செல்லுக்குச் செய்தி வந்ததா என்று தேடிப்பார்ப்பது. வரவில்லை, ஆனால் பில் மட்டும் வந்திருக்கிறது என்றால் பேரேட்டில் வேறு எண்தான். வாரியத்தின் தளத்தில் செல் எண் மாற்றும் பகுதியில் மாற்றலாம். இல்லையென்றால் பிரிவு அலுவலகத்தில் அட்டையோடு போய் எழுதிக் கொடுக்கலாம். மின்னகம் உதவி எண் 94987 94987-க்கு அழைத்தும் கேட்டுக்கொள்ளலாம். ஐந்து இணைப்பு இருந்தால் ஐந்துக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக மாறாது.

லைன் வீட்டுக்கு யார் நம்பர் கொடுக்கிறது? குடியிருக்கிறவங்க நம்பரா, என் நம்பரா?

உங்கள் எண்ணைக் கொடுங்கள். குடியிருப்பவர் வருடத்துக்கு ஒருவராக மாறுவார், இணைப்பு உங்களுடையது. செய்தி வந்ததும் அதை அவருக்கு அனுப்பிவிடுங்கள், அவர் `Quick Pay` வழியாகக் கட்டிக்கொள்வார். கட்டினாரா என்பதை உங்கள் கணக்கில் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். வீட்டைக் காலி செய்யும் அன்றைக்கு மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வைப்பது நல்ல பழக்கம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம் வராது.

நினைவூட்டல் எந்தத் தேதிக்கு வைக்கிறதுங்க?

மாதாமாதம் ஒரே தேதிக்கு வைக்காதீர்கள், அது பால்காரர் கணக்குக்குச் சரிப்படும். வீட்டு இணைப்புக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். ஆகவே எல்லாம் ரீடிங் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. அந்தத் தேதி அட்டையில் கணக்கீட்டாளர் எழுதிய வரிசையில் இருக்கும். கடைசி நான்கைந்து வரிகளைப் பாருங்கள், உங்கள் தெருவுக்கு ஒற்றைப்படை மாதமா இரட்டைப்படை மாதமா என்று தெரியும். தேதியும் ஒன்றிரண்டு நாள் முன்பின்னாகத்தான் விழும்.

கடைக்கு வந்த ஒருவருக்கு வைத்துக் கொடுத்ததைச் சொல்கிறேன். அவருக்கு இங்கே வீடும் தறிக்கூடமும். இரண்டுக்கும் இரட்டைப்படை மாதம், 8-ஆம் தேதி வாக்கில் ரீடிங். கோபிப் பக்கம் மாமியார் வீட்டுப் பில்லையும் அவரே கட்டுகிறார். அது 04-ல் தொடங்கும் எண், ஒற்றைப்படை மாதம், 14 வாக்கில். இதற்கு முன் ஒரே நினைவூட்டல் வைத்திருந்தார், ஒவ்வொரு மாதமும் 25. அதனால் என்ன ஆயிற்று என்றால், எல்லா மாதமும் மணி அடித்தது, எந்த மாதம் எந்தப் பில் என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நாளில் மணி அடித்ததும் தள்ளிவிடப் பழகிவிட்டார்.

மாற்றி வைத்தது இப்படி. இங்கத்திய இணைப்புகளுக்கு முதல் நினைவூட்டல் ஆகஸ்ட் 11. ரீடிங் 8-ஆம் தேதி என்றாலும் தளத்தில் தொகை ஏற ஓரிரு நாள் ஆவது உண்டு, அதனால் மூன்று நாள் தள்ளி. அதன் பெயர் ‘வீடு, தறி: பில் வந்ததா?’ இரண்டாவது ஆகஸ்ட் 22, பெயர் ‘வீடு, தறி: கட்டியாச்சா?’ 8-லிருந்து 20 நாள் என்றால் 28. அதற்கு ஆறு நாள் முன்னால் இது. ஞாயிறு, பண்டிகை, வங்கி சர்வர் மக்கர் எல்லாம் இந்த ஆறு நாளுக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் ‘இரண்டு மாதத்துக்கு ஒரு முறை’ என்று திரும்ப வரும்படி வைத்தோம். கோபி வீட்டுக்கு இதே போல் இரண்டு, செப்டம்பர் 17-லும் 28-லும் தொடங்கி. மாதத்துக்கு இரண்டு மணிதான் அடிக்கும், அடிக்கும்போது எந்த வீடு என்று பெயரிலேயே தெரியும்.

நாள்காட்டிச் செயலியில் இதை வைக்கும்போது 29, 30, 31 தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள். 31-க்கு வைத்தால் அந்தத் தேதி இல்லாத மாதத்தில் பல செயலிகள் நினைவூட்டலையே விட்டுவிடும். பிப்ரவரியில் பில்லை மறந்தவர்களில் இப்படி மாட்டியவர்களும் உண்டு.

இன்னொன்று. தொகை பூஜ்யம் என்று வந்தாலும் முதல் நினைவூட்டலை எடுத்துவிடாதீர்கள். 100 யூனிட்டுக்குள் ஓடும் வீடு சித்திரை வெயிலில் ஏசி போட்டதும் 100-ஐத் தாண்டும், கட்ட வேண்டிய பில் வரும். பூஜ்யத்துக்குப் பழகியவர்கள்தான் அதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். விவசாய மோட்டார் இலவச இணைப்புக்கு மட்டும் இந்த வேலை எதுவும் இல்லை.

ஆட்டோபே போட்டுட்டா தலைவலி தீர்ந்துதா?

வீட்டுக்குப் பெரும்பாலும் தீர்ந்தது. தறிக்கூடத்துக்குச் சொல்ல முடியாது.

தானாகக் கழியும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் வைத்த வரம்பு ஒரு தடவைக்கு 15,000 ரூபாய். அதற்குள் இருந்தால் நீங்கள் எதுவும் செய்யாமலே கழியும். தாண்டினால் நீங்கள் ஒப்புதல் கொடுத்தால்தான் போகும். ஆர்டர் நிறைய இருக்கும் மாதத்தில் தறி இரவும் பகலும் ஓடியிருக்கும், பில் வரம்பைத் தாண்டும், ஒப்புதல் கேட்டுச் செய்தி வரும், அதை யாரும் பார்க்க மாட்டார்கள். மற்ற மாதமெல்லாம் தானாகப் போனதால் இதுவும் போயிருக்கும் என்று இருந்துவிடுவோம். நீங்களே அதைவிடக் குறைவாக ஓர் உச்சவரம்பு வைத்திருந்தாலும் இதே கதைதான். பணம் கழிவதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது விதி. அது வருகிறதா என்று பாருங்கள். அன்றைக்குக் கணக்கில் பணம் இல்லையென்றாலும் கழியாது.

எனவே தறிக்கூடத்துக்கு என் ஆலோசனை, ஆட்டோபே வேண்டாம், மேலே சொன்ன இரண்டு மணி போதும். பெரிய தொகை போகும்போது யூனிட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுக் கட்டுவதுதான் நல்லது. தப்பான ரீடிங் இருந்தால் கட்டுவதற்கு முன்பே போய்க் கேட்கலாம்.

காசு போயிருச்சுங்க. பில் அப்படியே நிக்குது. மறுபடி கட்டட்டுமா?

உடனே வேண்டாம். முதலில் கணக்கில் கட்டண வரலாற்றைப் பாருங்கள், ரசீது எண் விழுந்திருந்தால் முடிந்தது, பாக்கித் தொகை அடங்கக் கொஞ்சம் நேரம் ஆகும். ரசீது விழவில்லை, வங்கியில் மட்டும் கழிந்திருக்கிறது என்றால் செயலியில் வரும் பரிவர்த்தனை எண்ணைப் படமெடுத்து வையுங்கள். யூபிஐயில் கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டிய பணம் சேராமல் கழிந்துவிட்டால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கை சொல்கிறது. அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு.

கடைசித் தேதிக்கு ஐந்தாறு நாள் முன்னால் கட்டச் சொல்வதன் காரணம் இதுவும்தான். 22-ஆம் தேதி கட்டி இப்படி நடந்தால் பணம் திரும்பும் வரை காத்திருக்கலாம். 28-ஆம் தேதி இரவு கட்டி நடந்தால் இரண்டாவது தடவையும் கையிலிருந்து போட்டுக் கட்ட வேண்டியதுதான். இரண்டுமே சேர்ந்துவிட்டால் கூடுதல் தொகை உங்கள் இணைப்பில் வரவாக நிற்கிறதா என்று அடுத்த பில்லில் பாருங்கள்.

‘இன்னைக்கு ராத்திரி 9.30-க்கு கரண்ட் கட், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க’ன்னு வந்திருக்குதுங்க.

ஏமாற்று வேலை. கூப்பிடாதீர்கள். சாதாரணப் பத்து இலக்கச் செல் எண்ணிலிருந்து வரும், அதே மாதிரி எண்ணுக்கு அழைக்கச் சொல்லும், அழைத்தால் ஏதாவது செயலியை இறக்கச் சொல்லி உங்கள் திரையை அங்கிருந்து பார்ப்பார்கள். உங்கள் இணைப்பு எண் அந்தச் செய்தியில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. சந்தேகம் தீர, செய்தியில் வந்த எதையும் தொடாமல் தளத்தை நீங்களே திறந்து பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்த கணக்கு இருந்தால் ஒரு நிமிட வேலை.

டான்ஜெட்கோன்னு தேடுனா வேற பேர் வருதுங்க. சரியான இடம்தானா?

சரிதான். டான்ஜெட்கோவின் விநியோகப் பிரிவு 2024-ல் `TNPDCL` என்று பெயர் மாறிவிட்டது. உங்கள் இணைப்பு எண் மாறவில்லை, கணக்கும் மாறவில்லை. தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தட்டாமல் முகவரியை நீங்களே தட்டிப் போங்கள்.

தண்ணி வரியும் இதே கணக்குல கட்டிரலாமா?

முடியாது. தண்ணீர் உள்ளாட்சிக் கையில் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மாநகராட்சியிலோ நகராட்சியிலோ இருந்தால் `tnurbanepay.tn.gov.in`. அங்கே குடிநீர் இணைப்புக்குத் தனி எண், சொத்து வரிக்குத் தனி எண். இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் அதிகம், ரசீதின் தலைப்பைப் பார்த்து எடுங்கள். கிராம ஊராட்சி என்றால் `vptax.tnrd.tn.gov.in`. நினைவூட்டலையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஈபியின் 20 நாள் கணக்கு அங்கே பொருந்தாது. கெடு எது என்று அந்தக் கேட்புச் சீட்டிலேயே இருக்கும்.